மொகிங்காவுக்கு வாழைத்தண்டு: முதல் நாள் இரவே நறுக்கி வைக்கலாமா?

செல்வி_கமாயுட் | யாங்கோன்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காது குத்து. காலை ஏழு மணிக்கே அக்கம்பக்கத்து பர்மாக்காரர்களையும் சேர்த்து நாற்பது பேருக்கு மொகிங்கா, அதுதான் வாழைத்தண்டு போட்ட மீன் சாறு. மதியம் சொந்தக்காரர்களுக்குச் சைவச் சாப்பாடு, அதில் வாழைத்தண்டு தயிர்ப் பச்சடி கட்டாயம் இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். காலையில் மீன், மதியம் சைவமா என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டு வழக்கம் அப்படி.

இரண்டு அடி நீளத்தில் இரண்டு தண்டு சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவே நறுக்கி மோரில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் மீன் வேலையே பெரிய வேலை. ஆனால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பிரிட்ஜை நம்ப முடியாது. இரவு முழுக்க வெளியில் வைத்தால் கறுக்காமல் இருக்குமா? நார் எல்லாம் எடுபட என்ன செய்வது? பர்மாக்கார அக்கா ஒருவர் ஙப்பியோ ஊவை, அதாவது வாழைத்தண்டை, மோரில் எல்லாம் போட மாட்டார்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

---

பூவும்_காயும் | போர்ட் லூயி, மொரீஷியஸ்

வணக்கம் செல்வி. கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் பிசின் ஒட்டி விரலெல்லாம் கறுத்துவிடும். மடலைப் பிரித்து ஒவ்வொரு பூவிலும் நடுவில் தலை பருத்து நிற்கும் நரம்பைப் பிடுங்கி எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் கண்ணாடி மாதிரி சின்னச் செதிலையும் எடுக்க வேண்டும். அந்த இரண்டும் வேகவே வேகாது. உள்ளே போகப் போகப் பூ வெளுத்து இளசாக இருக்கும், அதில் எடுக்கத் தேவையில்லை, அப்படியே நறுக்கலாம். பக்கத்துத் தீவு ரெயூனியனில் இதை பாபா ஃபிக் என்பார்கள், அவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். நறுக்க நறுக்க மோரில் போட்டுவிடுங்கள்.

---

செல்வி_கமாயுட் | யாங்கோன்

நன்றி. ஆனால் நான் கேட்டது தண்டைப் பற்றி, பூவைப் பற்றி இல்லை. 😊

---

பூவும்_காயும் | போர்ட் லூயி, மொரீஷியஸ்

ஐயோ, தலைப்பைப் பார்த்துவிட்டும் பூ என்றே படித்திருக்கிறேன். சரி, பூ செய்கிறவர்கள் வந்தால் படித்துக்கொள்ளட்டும்.

---

எவர்சில்வர் | பாகோ

தண்டு கறுப்பதற்கு ஒரே காரணம் இரும்புக் கத்தி. பழைய அரிவாள்மனையில் நறுக்கிப் பாருங்கள், வெட்டின முகத்தில் நீலமும் கறுப்புமாக ஏறும். தண்டில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். எவர்சில்வர் கத்தியில் நறுக்கினால் மோரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சும்மா தண்ணீரில் போட்டாலே போதும். நார் எடுக்கத்தான் மோர். மோரின் புளிப்பு நாரை இழுத்துவிடும், பிறகு மத்தால் சுற்றினால் மொத்தமாக வந்துவிடும்.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

செல்வி, அவசரப்பட்டு இரவில் நறுக்காதே. முதலில் தம்பி எவர்சில்வர் சொன்னதைப் பார்த்துவிடுவோம், அதில் பாதி சரி.

இரும்பில் நறுக்கினால் நீலக் கறுப்பு வரும், அது உண்மை. கத்தி பட்ட இடத்தில் உடனே வரும், மோரில் போட்டாலும் போகாது. எனவே எவர்சில்வர் கத்திதான் வேண்டும். ஆனால் எவர்சில்வரில் நறுக்கினாலும் தண்டு நிறம் மாறும். அது கறுப்பு இல்லை, பழுப்பு. முதலில் வெட்டின வட்டத்தின் ஓரத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு போல ஆரம்பித்து உள்ளே பரவும். ஆப்பிளை வெட்டி வைத்தால் மாறுகிறதே, அதே சமாசாரம்: வெட்டுப்பட்ட சாறு காற்றோடு சேர்ந்து தானே நிறம் மாறுகிறது, கத்திக்கு அதில் பங்கில்லை. எனவே எது நடந்திருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீலம் கலந்த கறுப்பு என்றால் கத்தியையோ துருப்பிடித்த பாத்திரத்தையோ பார். பழுப்பு என்றால் காற்று பட்டிருக்கிறது.

பழுப்பைத் தடுக்க இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று காற்று படாமல் மூழ்கி இருக்க வேண்டும், இன்னொன்று கொஞ்சம் புளிப்பு வேண்டும். புளிப்பு இருந்தால் நிறம் மாறுவது மெதுவாகிவிடும். சும்மா தண்ணீர் முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது, அதுவும் மேலே மிதக்கும் துண்டுக்குச் செய்வதில்லை. தண்டு மோரில் இருந்தும் கறுத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் வீட்டில் போய்ப் பார், பாத்திரத்தின் மேல் வரிசைதான் கறுத்திருக்கும், அடியில் கிடந்தது வெள்ளையாக இருக்கும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்தி வை, பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நார் விஷயத்தில் மோருக்குப் பெரிய வேலை இல்லை. அதைத் தனியாகச் சொல்கிறேன், இப்போது கடையைத் திறக்க வேண்டும்.

---

எவர்சில்வர் | பாகோ

அக்கா, எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாருக்காகத்தான் மோரில் போடுகிறார்கள். மத்தில் சுற்றிக்கொண்டு வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

வியாசர்பாடி_அத்தோ | சென்னை

பர்மாவில் இருந்து கிளம்பி வந்த குடும்பம் நாங்கள். பாரிமுனைப் பக்கம் அத்தோ கடை, கூடவே வாழைத்தண்டு சூப். தண்டு எங்களுக்குத் தினமும் ஓடும் பொருள். நாங்கள் எதையும் ஊற வைப்பதே கிடையாது. மதியம் மூன்று மணிக்கு நறுக்க உட்கார்ந்தால் நறுக்கின கையோடு கொதிக்கிற சூப்பில் போய்விடும். கொதியில் விழுந்த தண்டு கறுக்காது. இதற்கெல்லாம் இவ்வளவு யோசனையா?

---

செல்வி_கமாயுட் | யாங்கோன்

அண்ணே, உங்களுக்கு அடுப்பு எப்போதும் கொதிக்கிறது. எனக்கு நறுக்குகிற நேரத்துக்கும் கொதிக்கிற நேரத்துக்கும் நடுவில்தான் ஒரு இரவே இருக்கிறது.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

வியாசர்பாடிக்காரர் சொன்னதில் ஒரு சரக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதே செல்வி. நிறம் மாற்றுகிற அந்தச் சத்து கொதிநீரில் செத்துவிடும். கொதித்த தண்டு பிறகு காற்றில் கிடந்தாலும் பழுப்பாவது குறைவு. அதை மனசில் வைத்துக்கொள், பின்னால் உதவும்.

இப்போது நார். தண்டு நார் நீளவாக்கில் ஓடுகிறது, வேர்ப்பக்கத்தில் இருந்து மேலே வரை. வட்டமாக நறுக்கும்போது கத்தி அதைக் குறுக்கே வெட்டுகிறது. ஆனால் வெட்டின வில்லையை இழுத்துப் பார், வெள்ளை இழைகள் அறுபடாமல் நீண்டு வரும். உள்ளே சுருள் சுருளாக இருப்பது இழுக்க இழுக்கப் பிரிந்து நீளும். கத்தியை அழுத்தி வெட்டிவிட்டு வில்லையைச் சட்டென்று எடுத்துப் போட்டால் அந்த இழை பாதி வில்லையிலும் பாதி தண்டிலும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் கரண்டியில் முடி மாதிரி வருகிறது.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு வில்லையையும் முழுதாக வெட்டு, ஆனால் உடனே எடுக்காதே. ஆள்காட்டி விரலால் வில்லையை லேசாகத் தண்டில் இருந்து நகர்த்து, இழைகள் தெரியும். விரலைச் சுற்றினால் இழை விரலில் சுற்றிக்கொண்டு வரும். ஐந்தாறு வில்லைக்குப் பிறகு விரலில் மோதிரம் போல ஒரு நார்ச்சுருள் சேர்ந்துவிடும், அதை உருவிப் போட்டுவிட்டு அடுத்தது. வில்லை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குட்டையாக நார் இருக்கும். தடித்து வெட்டினால் உள்ளேயே தங்கிய நார் வாயில் தெரியும்.

எவர்சில்வர் தம்பி, மத்தில் சுற்றி வருவது நிஜம்தான். ஆனால் அது மோரால் வருவதில்லை, சுற்றுவதால் வருகிறது. ஒருநாள் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சுற்றிப் பார், அதிலும் வரும். விரலில் மாட்டாமல் உதிர்ந்து மிதக்கிற இழையை மத்தோ ஈர்க்குச்சியோ சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தண்டுக்கு உள்ளே இருக்கிற நாரை மோர் இழுக்காது. விரல் வேலையைச் செய்யாமல் மத்தை மட்டும் நம்பினால் பாதி நார் உள்ளேயே இருக்கும்.

மோர் வேறு ஒரு வேலையைச் செய்கிறது. துவர்ப்பை வாங்கிக்கொள்கிறது. எலுமிச்சைத் தண்ணீரில் போட்ட தண்டும் வெள்ளையாக இருக்கும், ஆனால் பச்சையாக மென்றால் நாக்கில் துவர்ப்பு மோரில் போட்டதைவிடத் தூக்கலாகத் தெரியும்.

---

எவர்சில்வர் | பாகோ

சரி அக்கா, தண்ணீரில் சுற்றிப் பார்க்கிறேன். ஆனால் கொஞ்சம் உப்பும் மஞ்சளும் போட்டால் கறுக்காது என்பதாவது உண்மையா?

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

உப்பு உதவும், கொஞ்சம். மஞ்சள் போட்டால் தண்ணீரே மஞ்சளாக இருப்பதால் பழுப்பு கண்ணில் படாது. அது தடுக்கிறதா மறைக்கிறதா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை, மீன் சாற்றுக்குப் போகிற தண்டில் போடுவேன், பச்சடிக்குப் போடமாட்டேன்.

---

நேட்டால்_தோட்டம் | டர்பன், தென்னாப்பிரிக்கா

நடுவில் நுழைகிறேன். வேலைக்காக வந்த இடம் இது. இங்கே தண்டு விற்கிற கடை நான் பார்த்ததில்லை, ஆனால் கடலோரமாக வாழை நிறைய இருக்கிறது, எங்கள் வாடகை வீட்டுப் பின்புறத்திலும் ஒரு கன்று வளர்ந்து நிற்கிறது. போன வாரம் ஆசையில் ஒன்றை வெட்டினேன். உரிக்க உரிக்கப் பட்டை பட்டையாக வந்துகொண்டே இருந்தது, தண்டே இல்லை. நடுவில் சுருட்டின இலை மாதிரி ஏதோ இருந்தது. அதை நறுக்கிப் பொரியல் செய்தேன், வேகவே இல்லை, கயிற்றைக் கடித்தது போல இருந்தது. ஊரில் அம்மா செய்தால் அப்படி இருக்காதே.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

அது பூக்காத வாழை. நாம் தண்டு என்று சாப்பிடுவது குலையைத் தூக்கிக்கொண்டு நடுவே மேலேறுகிற காம்பு. மரம் குலை தள்ளத் தயாராகும்போதுதான் அது கீழே இருந்து எழுந்து மேலே வரும். அதற்கு முன் நீ வெட்டினால் உள்ளே இருப்பது இலைமடல் மேல் இலைமடல்தான், கடைசி வரை உரியும். உண்மையான தண்டு என்றால் ஒரு கட்டத்தில் உரிவது நின்றுவிடும். வெள்ளையாக, கெட்டியாக, ஈரமாக ஒரு கோல் நிற்கும். பூவின் முனை எட்டிப் பார்த்த மரமாகப் பார்த்து வெட்டு. குலை முற்றி இறக்கின மரத்திலும் தண்டு இருக்கும், ஆனால் நார் ஜாஸ்தி.

செல்வி, வாங்கும்போது நீயும் இதைப் பார்த்துக்கொள். மேல் மடல் மூன்று நான்கை உரித்த பிறகு நகத்தால் கீறினால் சுலபமாகக் கீறிக்கொண்டு நீர் கசிய வேண்டும். நகம் வழுக்கினால் முற்றினது.

---

செல்வி_கமாயுட் | யாங்கோன்

அக்கா, எல்லாம் புரிகிறது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இரவே நறுக்கலாமா, கூடாதா? நானும் நாத்தனாரும் மட்டும்தான் வேலைக்கு.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

கூடாது. காரணத்தையும் சொல்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு நறுக்கி மோரில் போட்டால் காலை ஐந்துக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. பிரிட்ஜ் இல்லாமல் நம் ஊர்ச் சூட்டில் அந்த மோர் நன்றாகப் புளித்துவிடும், நுரை கட்டும், தண்டு தொளதொளவென்று ஆகி ஒரு வாடை வரும். அந்த வாடை மீன் சாற்றில் போய் உட்கார்ந்தால் எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் போட்டு மூடினாலும் தெரியும். அந்த பர்மாக்கார அக்கா மோர் வேண்டாம் என்றது இதற்காகத்தான் இருக்கும். மோரில் போட்ட தண்டு மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு மணி நேரம் வெளியில் இருக்கலாம், அதற்கு மேல் நான் விடமாட்டேன்.

இன்னொன்று: புளிப்பான எதையும் அலுமினியப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைக்காதே. பெரிய விசேஷத்துக்கு அலுமினிய அண்டாதான் கைக்கு வரும் என்று தெரியும், ஆனாலும் எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் வாளி எடு.

இப்போது கணக்கைப் பார். உன் தண்டு இரண்டு அடி, அதாவது 60 சென்டிமீட்டர். உரித்த பிறகு குறுக்களவு ஐந்தரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். ஒரு கிண்ணத்துக்கு மூன்று வில்லை போதும், நாற்பது பேருக்கு 120 வில்லை. ஒரு வில்லை நாலு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 48 சென்டிமீட்டர் தண்டு போகும். ஒரு தண்டே காணும், அதிலும் மிச்சம் இருக்கும். 120 வெட்டு வெட்டி விரலால் நார் எடுக்க இரண்டு பேர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகாது. இதற்காக இரவு முழுக்க மோர் காவல் காக்க வேண்டுமா?

சனிக்கிழமை இரவில் செய்ய வேண்டியதைச் செய். மேல் மடல்களை உரி, ஆனால் கடைசி இரண்டு மடலை விட்டுவிடு. உள்ளே இருக்கும் தண்டுக்குக் காற்று படாமல் அதுவே உறை. இரண்டு முனைகளிலும் ஈரத்துணியைச் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வை. காலையில் முனைகள் பழுப்பேறியிருக்கும், ஒரு விரல்கடை வெட்டிப் போட்டால் உள்ளே அப்போதுதான் வெட்டின மாதிரியே இருக்கும். வெட்டாத தண்டு கறுக்காது என்பதுதான் இதில் உள்ள எல்லா ரகசியமும்.

காலையில் மொகிங்காவுக்கு நறுக்கும்போது உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் போடு, மோர் வேண்டாம். முக்கால் மணியில் எல்லாம் சாற்றுக்குள் போய்விடும். மீன் சாறு எப்படியும் மஞ்சள் கலந்த பழுப்பு, கடலை மாவும் வறுத்த அரிசி மாவும் கரைத்து ஊற்றப் போகிறாய். ஓரம் கொஞ்சம் பழுப்பேறிய தண்டு அதில் யாருக்குத் தெரியும்? மொகிங்காவில் நிறத்துக்குக் கவலைப்படாதே, நாருக்குக் கவலைப்படு. பச்சடியில் இரண்டுக்கும் கவலைப்படு.

---

வியாசர்பாடி_அத்தோ | சென்னை

நாலு மில்லிமீட்டர் எல்லாம் அளக்கிறீர்களே அக்கா! நாங்கள் ஒரு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கின தடிமன் என்போம். சாறு கொதித்த பிறகு போட்டு அரை மணி நேரம் மெல்லிய தீயில் விட்டால் வில்லை கண்ணாடி மாதிரி ஆகும், அதுதான் பதம். மாவு கரைப்பதற்கு முன்னால் போட்டுவிடுங்கள். கெட்டியான சாற்றில் பிறகு போட்டால் வேக நேரம் பிடிக்கும், அடியும் பிடிக்கும்.

---

செல்வி_கமாயுட் | யாங்கோன்

கணக்கைப் பார்த்த பிறகு தலை பாரம் குறைந்தது. பச்சடிக்கு எப்போது நறுக்குவது? பன்னிரண்டரைக்குப் பந்தி. இருபது பேர்.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

பத்து மணிக்கு மேல். இரண்டாவது தண்டில் ஒரு அடி எடு, மேல் பக்கத்து அடியாக எடு, அதுதான் இளசு. வில்லை வெட்டி நார் எடுத்த பிறகு நாலைந்து வில்லையை அடுக்கி மெல்லிய குச்சிகளாக்கி, திரும்பக் குறுக்கே வெட்டிப் பொடியாக்கு. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் புளித்த தயிர் ஒரு கப், உப்பு அரைத் தேக்கரண்டி. கத்தியில் இருந்து நேராக அதில் விழட்டும், தட்டில் சேர்த்து வைத்துப் பிறகு போடுவது வேண்டாம், அந்தப் பத்து நிமிடத்திலேயே ஓரம் மாறிவிடும். மேலே தட்டு கவிழ்த்து அழுத்து. ஈர்க்குச்சியால் அவ்வப்போது ஒரு சுற்று சுற்று.

பந்திக்கு அரை மணி முன்னால் வடிகட்டிப் பிழிந்து, புதுத் தயிரில் கலந்து கடுகு தாளி. முன்னதாகவே கலந்தால் தண்டு நீர் விட்டுப் பச்சடி ஓடும்.

மோர் போதாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஒரு பெரிய எலுமிச்சைச் சாறு. புளித்தண்ணீர் வேண்டாம், அதுவே பழுப்பு.

---

சுடுநீர்க்காரி | டவுஞ்ஜி

எனக்கு இந்த உரித்து வைத்துக் காலையில் நறுக்குவதில் நம்பிக்கை இல்லை. விசேஷ வீட்டில் காலையில் முக்கால் மணி நேரம் என்பது கனவு. நான் இரவே நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு மூன்று நிமிடம் விட்டு வடித்து, குளிர்ந்த நீரில் அலசி வைப்பேன். நிறமும் மாறாது, வேலையும் முடிந்தது. எங்கள் ஊர் மலை, குளிர், பிரிட்ஜே தேவையில்லை.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

உங்கள் ஊரில் சரி அம்மா. யாங்கோனில் இந்த மாதம் இரவிலும் சட்டை ஒட்டுகிறது. சுடுநீரில் போட்டு எடுத்த காய் அரைவேக்காடு, கறுக்காது, ஆனால் வெளியில் விட்டால் கெட்டுப்போகும். கறுப்பது வேறு, கெடுவது வேறு. ஐஸ் கட்டி வாங்கிப் பெட்டியில் வைக்க முடியும் என்றால் செல்வி அதைச் செய்யலாம், நான் மறுக்கவில்லை. பச்சடிக்கு மட்டும் வேண்டாம், பச்சைத் தண்டின் மொறுமொறுப்பு போய்விடும்.

---

சுடுநீர்க்காரி | டவுஞ்ஜி

மொறுமொறுப்புப் போனால் என்ன, பல் இல்லாத பெரியவர்கள்தானே பச்சடி கேட்கிறார்கள்!

---

எவர்சில்வர் | பாகோ

தண்ணீரில் சுற்றிப் பார்த்தேன். வந்தது. மோரில் வந்ததைவிடக் குறைவு என்று மனைவி சொல்கிறாள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மோர் கொஞ்சம் கனமாக இருப்பதால் இழை ஒட்டிக்கொள்கிறதோ என்னவோ.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

இருக்கலாம். உன் மனைவி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்.

---

செல்வி_கமாயுட் | யாங்கோன்

விசேஷம் நல்லபடியாக முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

தண்டை இரண்டு மடலோடு வைத்தோம். காலையில் முனையில் ஒரு விரல்கடைதான் பழுப்பு, உள்ளே வெள்ளை. மொகிங்கா நறுக்க முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலேயே ஆனது, நாத்தனார் விரலில் சுற்றுவதைப் பழகவே நேரம் எடுத்துக்கொண்டாள். சாற்றில் நார் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் தண்டின் அடிப்பக்கத்தில் இருந்து வெட்டின கடைசி வில்லைகளில் விரலில் சுற்றிய பிறகும் மெல்லும்போது இழை தெரிந்தது. மேல் பாதியில் அது இல்லை.

பச்சடி பந்தி முடியும் வரை வெள்ளையாக இருந்தது. மாமியாருக்குத் திருப்தி, அதைச் சொல்லவில்லை, இரண்டாவது முறை கேட்டார். மிஞ்சின தண்டைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தேன், தட்டு கவிழ்க்கவில்லை. மாலையில் மேலே மிதந்ததெல்லாம் ஓரத்தில் பழுப்பேறிவிட்டது, அடியில் கிடந்தது அப்படியே இருந்தது.

---

வியாசர்பாடி_அத்தோ | சென்னை

அடிப்பக்கம் நார் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு வரும் தண்டில் அடிதான் சாறு நிறைந்து மிருதுவாக இருக்கும், மேல் முனை பூவை நெருங்கும்போது இறுகிவிடும்.

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

உங்களுக்கு எந்த வாழைத் தண்டு வருகிறது, குலை தள்ளும் முன்பா, இறக்கின பிறகா? அதைச் சொல்லாமல் அடி, மேல் என்று பேசினால் இரண்டு பேரும் சரியாகத்தான் இருப்போம். எங்கள் பக்கம் பீஜான் தண்டு, அதில் அடி கட்டை.

---

வியாசர்பாடி_அத்தோ | சென்னை

மண்டியில் இருந்து கட்டாக வரும் அக்கா, எந்த வாழை என்று கேட்டதே இல்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

---

நேட்டால்_தோட்டம் | டர்பன், தென்னாப்பிரிக்கா

பின்புறத்தில் இன்னொரு மரத்தில் பூ முனை தெரிகிறது. அதை வெட்டினால் பழம் போய்விடும் என்று வீட்டுக்காரர் முறைக்கிறார். குலை இறக்கின பிறகே வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நார் அதிகம் என்றால் சூப்புக்கு அரைத்து வடிகட்டினால் சரிதானே?

---

மோல்மீன்_அடுப்பு | மோல்மீன்

சூப்புக்குச் சரி. குலை இறக்கின அன்றே வெட்டு, மரத்தை நிற்க விடாதே, நாளாக நாளாக இன்னும் இறுகும். அரைத்த சாறு நின்றால் நிறம் மாறும், அரைத்த கையோடு அடுப்பில் ஏற்று. வெட்டும்போது பழைய சட்டை போட்டுக்கொள், வாழைக்கறை துணியில் விழுந்தால் போகாது.